360 ரூபாயா, 833 ரூபாயா? விளம்பரக் கணக்கில் எதை எப்போது நம்பலாம்

ஆம்பூரில் தோல் செருப்பு தைத்து, சொந்த வெப்சைட்டில் விற்கும் ஒரு சின்ன கம்பெனியின் ஒரு மாதக் கணக்கை எடுத்துக்கொள்வோம். படிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று எண்களை முழுசாக்கியிருக்கிறேன். மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) 1,20,000 ரூபாய் செலவு. 300 ஆர்டர் தன்னால் வந்தது என்கிறது அதன் விளம்பரக் கணக்குத் திரையான ஆட்ஸ் மேனேஜர். கூகுளில் 60,000 ரூபாய். அது 200 ஆர்டருக்கு உரிமை கொண்டாடுகிறது. இரண்டையும் கூட்டினால் 1,80,000 ரூபாய்க்கு 500 ஆர்டர், ஒன்றுக்கு 360 ரூபாய். இதுதான் பிளாட்ஃபார்ம் காட்டும் செலவு.

ஜோடி விலை 1,499. வரி, தோல், கூலி, அட்டைப்பெட்டி, கூரியர் எல்லாம் போக 610 ரூபாய் கையில் நிற்கிறது. 360 ரூபாயில் ஆள் கிடைத்தால் ஜோடிக்கு 250 லாபம் இருக்க வேண்டும். ஆனால் முதலாளி பாய் கேட்டது இதைத்தான்: “தம்பி, போன்ல எல்லாம் பச்சையா காட்டுது. பேங்க்ல ஏன் காசு நிக்க மாட்டேங்குது?”

பாயின் கேள்விக்குப் பதில் வெப்சைட்டின் ஆர்டர் பட்டியலில் இருந்தது. அந்த மாதம் வந்த மொத்த ஆர்டரே 420தான். 500 எப்படி வந்தது? ஒரே கல்யாணத்துக்கு இரண்டு தரகரும் கமிஷன் கேட்கிற கதை. ரீல்ஸில் செருப்பைப் பார்த்துத் தட்டியவர், மூன்று நாள் கழித்து கூகுளில் பெயரைத் தேடி வந்து வாங்குகிறார். மெட்டா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது, கூகுளும் எழுதிக்கொள்கிறது. 1,80,000-ஐ 420-ஆல் வகுத்தால் 429 ரூபாய்.

அந்த 420-இல் 90 பேர் ஏற்கெனவே வாங்கியவர்கள். பழைய ஆளைப் புதிதாகப் பிடித்ததாக எழுத முடியாது. மிச்சம் 330, செலவு 545 ஆகிறது. அதிலும் கேஷ் ஆன் டெலிவரியில் 60 பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தன. ஆர்டர் போட்ட நொடியிலேயே பிளாட்ஃபார்ம் அதை விற்பனை என்று பதிந்துவிடும். பார்சல் திரும்பி வந்த செய்தி அதற்குத் தானாகப் போய்ச் சேராது. ஆக, செருப்பைக் காலில் போட்டுக்கொண்ட புது ஆட்கள் 270 பேர். செலவு 667. ரீல்ஸ் போட்டுத் தந்தவருக்கு 25,000, விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்சிக்கு 20,000 கொடுத்தது எந்தத் திரையிலும் வராது. அதையும் சேர்த்தால் 2,25,000-ஐ 270-ஆல் வகுக்க வேண்டும். 833 ரூபாய். திரும்பி வந்த பார்சல்களின் போக்குவரத்துக் கூலியைப் போட்டால் இன்னும் ஒரு 35 ஏறும்.

இதுதான் பிளெண்டட் செலவு: எல்லா வழியிலும் ஆன மொத்தச் செலவை, உண்மையாகக் கிடைத்த மொத்தப் புது வாடிக்கையாளர்களால் வகுப்பது. எந்த வழியில் வந்தார் என்று அது கேட்பதில்லை. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

இதற்காகப் பிளாட்ஃபார்ம் பொய் சொல்கிறது என்று கோபப்படுவதில் பயனில்லை. அது தன் விதிப்படி எண்ணுகிறது, அந்த விதி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெட்டாவில் நாம் எதையும் மாற்றாமல் விட்டால், விளம்பரத்தைத் தட்டி 7 நாளுக்குள் வாங்கியவரும், தட்டாமல் பார்த்துவிட்டு 1 நாளுக்குள் வாங்கியவரும் கணக்கில் வருவார்கள். கூகுளில் வழக்கமான அளவு, தட்டியதிலிருந்து 30 நாள். ஒன்றுக்கு இன்னொன்றின் கணக்கு தெரியாது. போதாததற்கு, 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐஓஎஸ் 14.5-இல் பின்தொடர அனுமதி கேட்கும் முறை வந்த பிறகு, மறுத்தவர்களைப் பற்றி மெட்டா ஒரு பகுதியை மதிப்பீடாகத்தான் தருகிறது. அந்த 300 முழுக்க எண்ணி வந்த எண் இல்லை.

பிளாட்ஃபார்ம் குறைத்துச் சொல்லும் இடமும் உண்டு. இதை நம் ஊர்ப் பக்கம் பலர் விட்டுவிடுகிறார்கள். விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் “ஒன்பதாம் நம்பர் இருக்கா?” என்று கேட்டு, ஜிபே பண்ணி வாங்குகிறவர் பலர். பெங்களூரு நெடுஞ்சாலையில் போகும்போது வண்டியை நிறுத்தி, போனில் படத்தைக் காட்டி, கடையிலேயே வாங்குகிறவரும் உண்டு. நாமாக அனுப்பாத வரை இந்த விற்பனை மெட்டாவுக்குத் தெரியாது. அதனால் கடையும் வாட்ஸ்அப்பும் உள்ள வியாபாரத்தில் பிளெண்டட் கணக்குப் போடுகிறவர், அங்கே வந்த புது ஆட்களையும் வகுக்கும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். வெப்சைட் ஆர்டரை மட்டும் வைத்து வகுத்தால் பிளெண்டட்டும் தப்பாகத்தான் வரும், இந்த முறை மறுபக்கமாக. பில் போடும்போது “எங்க பார்த்தீங்க?” என்று கேட்டு, பில்லில் ஒரு கட்டம் போட்டு அதில் குறிக்கச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

சரி, எதற்கு எது?

இந்த வியாபாரம் தாங்குமா, அடுத்த மாதம் மொத்தமாக எவ்வளவு போடலாம் என்ற கேள்விக்கு பிளெண்டட்டை விட்டால் வேறு வழியில்லை. 833-க்கு ஆளைப் பிடித்து 610 சம்பாதித்தால் முதல் ஜோடியில் 223 ரூபாய் நஷ்டம். அது மீள வேண்டுமானால், விளம்பரச் செலவு இல்லாமல் நூற்றில் 37 பேராவது இரண்டாவது ஜோடிக்குத் திரும்ப வேண்டும். வருகிறார்களா என்பது பழைய ஆர்டர் பட்டியலில் தெரியும். பெல்ட், பர்ஸ் விற்கிறவருக்கு ஒருவேளை சரிப்படும். இரண்டு வருஷம் உழைக்கிற செருப்புக்கு, ஆறு மாதத்தில் அத்தனை பேர் திரும்ப வருவார்கள் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

ஆனால் எந்த வீடியோவை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று திங்கட்கிழமை காலையில் முடிவெடுக்க பிளெண்டட் உதவாது. மாதம் முடிந்து, பார்சல் திரும்பி வந்து தீர்ந்த பிறகுதான் அது தேறும். அங்கே பிளாட்ஃபார்ம் எண்தான் கைகொடுக்கும். தையல்காரர் வார் இழுத்துத் தைக்கும் வீடியோவுக்கு ஒரு ஆர்டர் 310, மாடல் நடக்கும் படத்துக்கு 520 என்றால், இரண்டுமே உண்மையைவிடக் குறைவான எண்ணாக இருக்கலாம். ஆனால் ஒரே அளவுகோலால் அளந்தவை, அதனால் எது மேல் என்பது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். இதில் இரண்டு எச்சரிக்கை. பழைய வாடிக்கையாளரையே துரத்தும் விளம்பரத்தையும் புது ஆளுக்குப் போகும் விளம்பரத்தையும் இப்படி ஒப்பிடக்கூடாது. முதலாவது எப்போதும் மலிவாகத் தெரியும், எப்படியும் வாங்கப்போகிறவர்களுக்குத்தானே அது போய்ச் சேர்கிறது. அடுத்தது, மெட்டா ஓர் ஆர்டரை விளம்பரம் ஓடிய தேதியில் எழுதும், ஆர்டர் வந்த தேதியில் இல்லை. நேற்றைய எண் இன்னும் சில நாள் நல்லதாகிக்கொண்டே போகும். நேற்று மோசம் என்று இன்று நிறுத்துகிறவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

பிளாட்ஃபார்ம் எண்ணை நான் அறவே நம்பாத இடம், கூகுளில் நம் கடைப் பெயருக்கே போடும் விளம்பரம். ஆர்டருக்கு 60, 70 ரூபாய் என்று காட்டும். பெயரைத் தட்டச்சு செய்கிறவர் ஏற்கெனவே வாங்க முடிவெடுத்தவர். விளம்பரம் இல்லாவிட்டால் அதற்குக் கீழே உள்ள நம் இணைப்பையே தட்டியிருப்பார். சோதிப்பதும் சுலபம்: பண்டிகை இல்லாத இரண்டு வாரம் அதை நிறுத்திவிட்டு மொத்தப் புது ஆர்டரைப் பாருங்கள். குறையவில்லை என்றால் அது வீண்செலவு. குறைந்தால் போட்டிக் கம்பெனி யாராவது நம் பெயரில் ஏலம் கேட்கிறாரா என்று தேடிப் பாருங்கள்.

பிளெண்டட் ஏமாற்றும் இடம் தீபாவளி. அதே ஆம்பூர்க் கம்பெனி மெட்டாவில் 80,000 ரூபாயைக் கூட்டியது. மொத்தச் செலவு 3,05,000, புது ஆட்கள் 430 பேர், பிளெண்டட் 709. முன்பு 833 இருந்தது 709 ஆகிவிட்டது, கூட்டியது நல்லதாகப் போயிற்று என்று தோன்றும். அதே சமயம் மெட்டா திரையில் ஆர்டர் செலவு 400-இலிருந்து 620-க்கு ஏறியிருந்தது. தனக்குச் சாதகமாக எண்ணும் கணக்கே மோசமாகிறது என்றால், அந்தப் பக்கத்தை நம்ப வேண்டும். பண்டிகையில் ஊரே செருப்பு வாங்கியது, அந்தக் கூட்டம் விளம்பரத்தின் தளர்ச்சியை மறைத்தது.

அடுத்த மாதம் அது வெளியே வந்தது. அதே 3,05,000 செலவு, புது ஆட்கள் 310. பிளெண்டட் 984. பார்க்க மோசம்தான், ஆனால் இதுகூட முழு மோசத்தைச் சொல்லவில்லை. கூட்டுவதற்கு முன் 2,25,000-க்கு 270 பேர். கூடுதலாகப் போட்ட 80,000-க்குக் கிடைத்தது 40 பேர். ஒருவருக்கு 2,000 ரூபாய், 1,499 ரூபாய்ச் செருப்புக்கு! சராசரி என்பது முதல் ரூபாயையும் கடைசி ரூபாயையும் ஒரே பானையில் போட்டுவிடுகிறது. கூட்டலாமா குறைக்கலாமா என்ற கேள்விக்கு இந்தக் கடைசி 80,000-இன் கணக்கைத்தான் தனியாகப் போட வேண்டும். இரண்டு திரையிலும் அது நேராகக் கிடைக்காது, கழித்துத்தான் எடுக்க வேண்டும்.

இந்தக் கழித்தலும் அப்பழுக்கற்றதில்லை. இரண்டு மாதமும் ஒரே மாதிரி மாதம் என்று நினைத்துக்கொண்டு போடுவது. சுத்தமாகச் செய்ய, சில மாநிலங்களில் மட்டும் விளம்பரத்தை நிறுத்தி மற்ற மாநிலங்களோடு ஒப்பிடச் சொல்வார்கள். பெரிய கம்பெனிக்குச் சரி. மாதம் 270 பேர் வரும் கடையில் ஒரு மாநிலத்துக்கு இருபது, முப்பது ஆர்டர்தான் விழும். அது தானாகவே ஐந்தாறு ஏறி இறங்கும், அதில் எதையும் படிக்க முடியாது. பாய்க்கு நான் சொன்னது வேறு: கூட்டிய 80,000-ஐ முதலில் 40,000 குறையுங்கள், நான்கு வாரம் விடுங்கள், புது ஆள் எண்ணிக்கை 300-க்குப் பக்கத்திலேயே நின்றால் மிச்ச 40,000-ஐயும் எடுத்துவிடுங்கள்.