வெக்டரா, ஈவென்டா: ஸ்டாப்லாஸ் வைத்ததும் பேக்டெஸ்ட் எங்கே உடைகிறது

ஸ்டாப்லாஸ் இல்லாத மூவிங் ஆவரேஜ் உத்தியைப் பழைய விலைகளில் சோதிக்க, கேண்டில் கேண்டிலாக நகரும் ஈவென்ட் என்ஜின் தேவையில்லை. விலைப் பட்டியல் முழுவதையும் ஒரே நேரத்தில் கணக்கிடும் வெக்டர் முறையில், `pandas`-இல் நாலு வரி எழுதினால் முடிந்தது. அங்கே கவனிக்க வேண்டியது `shift` மட்டுமே. இன்றைய குளோசிங் விலையில் வரும் சிக்னலை வைத்து நாளை காலை ஓப்பனில் வாங்குவதாக இருந்தால், ஓப்பன்-டு-ஓப்பன் லாபத்தோடு `shift(2)` போட வேண்டும். `shift(1)` போட்டால், சிக்னல் தெரிவதற்கு முன்பே காலையில் வாங்கிவிட்டதாகக் கணக்கு ஆகிவிடும்.

சிக்கல் ஸ்டாப்லாஸோடு வருகிறது. 2% ஸ்டாப் வேண்டும் என்றதும் பலர் செய்வது, தினசரி லாப நஷ்டத்தை `clip(lower=-0.02)` என்று வெட்டிவிடுவது. இதில் மூன்று பிழைகள் உண்டு. ஸ்டாப் என்ட்ரி விலையிலிருந்து கணக்காக வேண்டும், `clip` நேற்றைய குளோசிங்கிலிருந்து கணக்கிடுகிறது. பகலில் ஸ்டாப்பைத் தொட்டுவிட்டு மாலையில் மீண்ட நாளின் லாபம் அப்படியே கணக்கில் தங்கிவிடுகிறது. ஸ்டாப் அடித்த மறுநாளும் பொசிஷன் திறந்தே இருக்கிறது. இரண்டாவது பிழை ஈக்விட்டி கர்வை இல்லாத அழகோடு காட்டும்.

அதற்காக உடனே ஈவென்ட் முறைக்கு ஓட வேண்டியதில்லை. வெளியேறுவது விலை வந்த பாதையைப் பொறுத்தது என்றாலும், அடுத்த என்ட்ரி அந்த வெளியேற்றத்தைப் பொறுத்ததாக இல்லாவிட்டால் வெக்டர் முறையே போதும். 3 புள்ளி டிரெயிலிங் ஸ்டாப்பை இப்படி எழுதலாம். `pos` என்பது ஓப்பனில் வாங்கிய கேண்டிலிலிருந்து 1:

```python
tid  = ((pos == 1) & (pos.shift(1, fill_value=0) == 0)).cumsum()
peak = high.groupby(tid).cummax().groupby(tid).shift(1)
stop = peak.fillna(open_) - 3
hit  = (pos == 1) & (low <= stop)
done = hit.groupby(tid).cummax()
```

ஒவ்வொரு டிரேடுக்கும் ஓர் எண், அதற்குள் முந்தைய கேண்டில் வரை வந்த உச்சம், அதிலிருந்து 3 புள்ளி கீழே ஸ்டாப். வெளியேறும் விலை `np.minimum(open_, stop)`. கேப் டவுனில் சந்தை ஸ்டாப்புக்குக் கீழேயே திறந்தால் ஸ்டாப் விலை நமக்குக் கிடைக்காது.

இந்தக் குறியீடு எப்போது உடையும்? சிக்னல் இன்னும் உயிரோடு இருக்கும்போதே, ஸ்டாப் அடித்த பிறகு மறுபடி உள்ளே நுழையலாம் என்று விதி வைத்தால் உடையும். அப்போது இரண்டாவது டிரேட் எங்கே தொடங்குகிறது என்பது முதல் டிரேட் எங்கே முடிந்தது என்பதைப் பொறுத்தது. `tid`-ஐ முன்கூட்டியே எழுத முடியாது. இரண்டு நஷ்டத்துக்குப் பிறகு அன்று நிறுத்து, மீதமிருக்கும் முதலில் 1% மட்டும் ரிஸ்க் எடு போன்ற விதிகளும் இதே வகை. இங்கே கேண்டில் கேண்டிலாகப் போகத்தான் வேண்டும். ஆனால் ஒரே ஒரு பங்கு அல்லது ஃபியூச்சர் என்றால் `numba`-வின் `@njit` போட்ட சாதாரண `for` லூப் போதும். அது வெக்டர் முறைக்குக் கிட்டத்தட்ட ஈடான வேகத்தில் ஓடும்.

லூப்புக்குள் வரிசைதான் முக்கியம். முதலில் ஓப்பன் பழைய ஸ்டாப்புக்குக் கீழே இருக்கிறதா என்று பார். பிறகு லோ பழைய ஸ்டாப்பைத் தொட்டதா என்று பார். அதன் பிறகே உச்சத்தை உயர்த்து. கடைசியாகக் குளோசிங்கில் புது சிக்னல்.

வரிசை மாறினால் என்ன ஆகும்? 100-இல் வாங்கியிருக்கிறோம். அதே கேண்டிலில் ஓப்பன் 100, ஹை 104, லோ 99, குளோஸ் 103. தொடக்க ஸ்டாப் 97. உச்சத்தை முதலில் உயர்த்தினால் ஸ்டாப் 101-க்கு ஏறும், லோ 99 அதைத் தொட்டதாகி, 1 புள்ளி லாபத்தில் வெளியேறியதாகக் கணக்கு வரும். ஆனால் விலை முதலில் 99-க்கு இறங்கி, பிறகு 104-க்கு ஏறி 103-இல் முடிந்திருந்தால் ஸ்டாப் அடித்திருக்கவே அடித்திருக்காது. இரண்டில் எது நடந்தது என்று அந்த நான்கு எண்களிலிருந்து யாராலும் சொல்ல முடியாது.

பலர் குழம்புவது இங்கேதான். மெதுவான ஈவென்ட் என்ஜினும் இதைத் தீர்க்காது. `backtrader`-க்கு தினசரி கேண்டில் கொடுத்தால் அதுவும் ஒரு ஊகத்தைத்தான் எடுக்கும். நிலையைச் சுமந்து போவது லூப்பின் வேலை. கேண்டிலுக்குள் எது முதலில் என்பதைச் சொல்ல நுணுக்கமான டேட்டா வேண்டும். என்எஸ்இயில் 9:15 முதல் 15:30 வரை ஒரு நாளுக்கு 375 ஒரு நிமிட கேண்டில்கள். ஆண்டுக்கு 250 நாள் என்றால் 93,750 வரிசைகள். உண்மையான செலவு இதுதான்: 400 பாராமீட்டர் சேர்க்கைகளைப் பார்க்க, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் எடுத்தால் ஏறக்குறைய 7 மணி நேரம்.

அதனால் அந்தச் செலவு தேவையா என்று முதலில் அளந்துவிடலாம். என்ட்ரி 100, ஸ்டாப் 99, டார்கெட் 102, கேண்டிலின் ஹை 102.5, லோ 98.8. இரண்டும் தொடப்பட்டிருக்கின்றன. `np.where`-இல் டார்கெட் நிபந்தனையை முதலில் எழுதியிருந்தால் இப்படிப்பட்ட கேண்டில்கள் அத்தனையும் சத்தமில்லாமல் லாபமாகிவிடும். ஆகவே இரண்டு முறை ஓட்டுங்கள்: ஒன்று டார்கெட் முதலில், மற்றொன்று ஸ்டாப் முதலில். 500 டிரேடில் 60 இப்படி என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் +2-க்கும் −1-க்கும் 3 புள்ளி வித்தியாசம், மொத்தம் 180. முதல் ஓட்டத்தின் லாபம் 150 புள்ளி என்றால் இரண்டாவதில் 30 புள்ளி நஷ்டம். நிமிட டேட்டா இல்லாமல் அந்த உத்தியைப் பற்றி எதுவும் பேச முடியாது. 6 டிரேட் மட்டும் என்றால் 18 புள்ளிதான், தினசரி கேண்டிலோடே தொடரலாம். டிரெயிலிங் ஸ்டாப்பில் இந்த எளிய கழித்தல் போதாது. ஓர் ஓட்டத்தில் டிரேட் முடிகிறது, மற்றதில் தொடர்கிறது; அதன் பிறகு இரண்டும் வெவ்வேறு வரலாறு.

நிமிட டேட்டாவுக்குப் போனாலும் முழுதாக ஓட்ட வேண்டியதில்லை. தினசரியில் குழப்பம் வந்த கேண்டில்களுக்கு மட்டும் அந்த நாளின் 375 வரிசைகளைத் திறந்து எது முதலில் தொடப்பட்டது என்று பார்த்தால் போதும்.

முழு ஈவென்ட் என்ஜின் தவிர்க்க முடியாததாவது ஆர்டருக்கே ஒரு வாழ்க்கை இருக்கும்போது. என்எஸ்இ ஆப்ஷன்களில் 2021 முதல் எஸ்எல்-எம் ஆர்டர் இல்லை; டிரிகரோடு லிமிட்டும் கொடுக்கும் எஸ்எல் ஆர்டர்தான். டிரிகர் 100, லிமிட் 99 என்று விற்க வைத்திருக்கும்போது பிரீமியம் 101-இலிருந்து நேராக 96-க்குக் குதித்தால், ஆர்டர் 99-இல் நிறைவேறாமல் நிற்கும், பொசிஷன் திறந்தே கிடக்கும். வெக்டர் கணக்கு அதை 100-இல் முடிந்துபோன நஷ்டமாக எழுதியிருக்கும். பல பங்குகள் ஒரே மார்ஜினைப் பகிர்வது, பாதி நிறைவேறிய ஆர்டர், எல்லா பொசிஷனுக்கும் சேர்த்து ஒரு நாள் நஷ்ட வரம்பு ஆகியவையும் இந்தப் பக்கம்தான்.

வெக்டரிலிருந்து ஈவென்ட் முறைக்கு மாறும்போது ஒரு சோதனையை விடாதீர்கள். ஸ்டாப்பைத் தொடவே முடியாத தூரத்தில் வைத்து இரண்டு முறையிலும் ஓட்டுங்கள். என்ட்ரி தேதி, விலை, எண்ணிக்கை, கமிஷன் எல்லாம் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். எல்லா டிரேடும் ஒரு கேண்டில் தள்ளி நின்றால் பிழை பெரும்பாலும் `shift`-இல். கடைசி டிரேட் மட்டும் வேறுபட்டால், டேட்டா முடியும்போது திறந்திருக்கும் பொசிஷனை ஒன்று மூடுகிறது, மற்றது மூடவில்லை.