ஒரு அறையில் எட்டுப் பேர், ஒருவருக்கு ஃப்ளூ: எதைச் செய்தால் பலன், எது வீண் செலவு

திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ஹாஸ்டல் அறை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 12க்கு 15 அடி அறை, நான்கு இரண்டடுக்குக் கட்டில், எட்டுப் பேர், ஒரு ஜன்னல், சுவரில் மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஐப்பசி மழை பிடித்ததும் ஜன்னலைச் சாத்திவிடுவார்கள், மழைக்குப் பாதி, கொசுவுக்குப் பாதி. அப்போதுதான் ஒருத்திக்குக் காய்ச்சல் வரும், நாலாம் நாள் பார்த்தால் அதே அறையில் இன்னும் மூன்று பேர் படுத்திருப்பார்கள். அந்த முதல் நாள் மாலையில் வார்டனும் அறைத்தோழிகளும் என்ன செய்யலாம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள்: ஊருக்கு அனுப்பு, தனி அறையில் போடு, மாஸ்க் போடச் சொல், பினாயில் ஊற்றிக் கழுவு. எல்லாவற்றையும் செய்யப் பணமும் இருக்காது, இடமும் இருக்காது, எனவே எது எதை விட மேல் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் ஃப்ளூவின் நாள் கணக்கு. கிருமி உள்ளே போனதிலிருந்து காய்ச்சல் வர 1 முதல் 4 நாள் ஆகும், பெரும்பாலும் இரண்டு நாள். காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பரப்ப ஆரம்பித்துவிடுவார்கள், காய்ச்சல் வந்த முதல் மூன்று நான்கு நாள்தான் மிக அதிகமாகப் பரப்புவார்கள், அப்புறம் குறைந்து ஒரு வாரத்தில் ஏறக்குறைய அடங்கும். அதாவது ஒருத்திக்கு உடம்பு சுடுவது தெரியும்போது பக்கத்துக் கட்டிலுக்கு ஏற்கெனவே போயிருக்கலாம். அதைத் தடுக்க முடியாது. அடுத்த மூன்று இரவுகளைத் தடுக்கலாம், அதுவும் அன்றைக்கு மாலையே செய்தால்தான்.

ஊருக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்திருப்பதா

நிர்வாகத்துக்குப் பிடித்தது ஊருக்கு அனுப்புவது, ஏனென்றால் பொறுப்பு கை மாறிவிடுகிறது. ஊர் ஒரு மணி நேரத் தூரம், அண்ணனோ அப்பாவோ வண்டியில் வந்து கூட்டிப்போகிறார், வீட்டில் தனியாகப் படுக்க இடம் இருக்கிறது என்றால் தாராளமாக அனுப்பலாம், அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் ஹாஸ்டலில் இருப்பவர்களில் பலர் தென்மாவட்டங்களிலிருந்தோ ஒடிசா, பீகாரிலிருந்தோ வந்தவர்கள். காய்ச்சலோடு எட்டு மணி நேரம் கண்ணாடி சாத்திய பஸ்ஸில் போவது அவளுக்கும் கொடுமை, பக்கத்து சீட்டுக்கும் கேடு. போய்ச் சேரும் வீட்டில் பாட்டியோ கைக்குழந்தையோ இருந்தால், ஃப்ளூ யாருக்கு மோசமாக வருமோ அவர்களிடமே கொண்டு போய்க் கொடுத்த கதை. தூரத்து ஊர் என்றால் முதல் நான்கு நாள் இங்கேயே வைத்துப் பார்த்துக்கொள்வதுதான் சரி.

தனி அறையா, அதே அறையா

காலி அறை ஒன்று இருந்தால் அதற்கு ஈடே இல்லை. சின்ன ஸ்டோர் ரூம் என்றாலும் ஜன்னல் இருந்தால் போதும். ஜன்னல் இல்லாத மூலையில் தனியாக அடைத்துப் போடக் கூடாது, ராத்திரி மூச்சு வாங்கினால் கூப்பிடவும் ஆள் இருக்காது. ஒரே நாளில் ஒரே மாதிரி இருமலும் காய்ச்சலும் வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் இருந்தால் சேர்த்துப் படுக்க வைக்கலாம்.

தனி அறை இல்லை, இதுதான் நடப்பு. அப்போது இருக்கிற அறையிலேயே கட்டிலை மாற்றிப் போட வேண்டியிருக்கிறது, இதைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. நோயாளியை எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு மிக அருகில் உள்ள கட்டிலின் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். கீழ்த்தட்டு எதற்கு என்றால் காய்ச்சலில் தலை சுற்றி ஏணியில் வழுக்கி விழுவார்கள். மேல்தட்டுக்காரரை ஒரு வாரம் வேறு அறையில் பாய் போட்டுப் படுக்கச் சொல்ல முடிந்தால் நல்லது. மற்றவர்கள் ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் இருக்கும்படி மாறிப் படுக்க வேண்டும். முகத்துக்கும் முகத்துக்கும் ஆறு அடி இடைவெளி கிடைத்தால் திருப்தி. முதல் உலகப்போர்க் காலத்தில் ராணுவ முகாம்களில் 1918 ஃப்ளூ பரவியபோதே தலைமாடு கால்மாடு மாற்றிப் படுப்பதையும் கட்டில்களுக்கு நடுவே துணி கட்டுவதையும் செய்தார்கள். துணித்திரை இருமும்போது தெறிக்கிற பெரிய துளிகளைத் தடுக்கும், காற்றில் மிதக்கும் நுண்துளிகளைத் தடுக்காது. காற்றோட்டத்தையே மறிக்கிற மாதிரி தரை வரைக்கும் போர்வையைத் தொங்கவிட்டால் நன்மையை விடத் தீமைதான்.

ஜன்னலா, ஃபேனா, ஏசியா

என்னைக் கேட்டால் கையில் இருக்கிற காசை முதலில் இதில்தான் போடச் சொல்வேன். சீலிங் ஃபேன் காற்றைக் கலக்கும், வெளியேற்றாது. சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே எடுத்துக் குளிர வைத்து அறைக்கே திருப்பித் தரும், புதுக் காற்று ஒரு மூச்சுக்கூட வராது. ஏசிக்காகக் கதவு ஜன்னல் சாத்துவதால் இருமல் வந்த வாரத்தில் ஏசி அறைதான் இருப்பதிலேயே மோசம். ஜன்னல் திறந்து வைப்பது நல்லது, ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதைப் பொறுத்தது. எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றுதான் நாம் சொல்கிற திசையில் காற்றை நகர்த்தும்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். 12க்கு 15 அடி, உயரம் 10 அடி என்றால் 1800 கன அடி, ஏறக்குறைய 51 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு 500 கன மீட்டர் காற்றுத் தள்ளும் என்று போட்டிருந்தால், கணக்குப்படி மணிக்குப் பத்து முறை அறைக் காற்று மாற வேண்டும். தூசி அடைத்த வலை, மழைத்தடுப்புப் பலகை எல்லாம் சேர்ந்து பாதியாகக் குறைத்தாலும் ஐந்து முறை வரும். அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி 2023இல் சொன்ன இலக்கும் மணிக்கு ஐந்துதான். ஆக ஒரு சாதாரண ஃபேனே போதும், ஒழுங்காக ஓடினால்.

ஒழுங்காக ஓடாததற்கு இரண்டு காரணம் திரும்பத் திரும்ப வரும். ஒன்று, கதவும் ஜன்னலும் முழுக்கச் சாத்தியிருப்பது. உள்ளே வர வழியில்லாவிட்டால் ஃபேன் சத்தம்தான் போடும், கதவுக்கு அடியில் ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். இன்னொன்று, ஃபேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிற ஜன்னலைத் திறப்பது. வெளிக்காற்று அந்த ஜன்னலில் நுழைந்து அப்படியே ஃபேன் வழியாகப் போய்விடும், அறையின் மறுகோடிக் காற்று அசையவே அசையாது. ஃபேனுக்கு எதிர்ப்பக்கம் திறக்க வேண்டும். அப்போது புதுக் காற்று முதலில் நன்றாக இருப்பவர்களைத் தாண்டி, கடைசியில் நோயாளியைத் தாண்டி வெளியே போகும். சோதிப்பது சுலபம்: ஒரு ஊதுவத்தியைப் பொருத்தி, நோயாளியின் தலையணை உயரத்தில் ஒரு நிமிடம் பிடியுங்கள் (அவர் அறையில் இல்லாத நேரமாகப் பார்த்து, புகை இருமலைக் கிளப்பும்). புகை ஃபேனை நோக்கிச் சாய வேண்டும். பக்கத்துக் கட்டில் பக்கம் திரும்பினால் ஏதோ ஒரு டேபிள் ஃபேன் குறுக்கே அடிக்கிறது, அல்லது தவறான ஜன்னல் திறந்திருக்கிறது. புகை அப்படியே சுற்றிக்கொண்டு நின்றால் உள்ளே வர வழி போதவில்லை.

எக்ஸாஸ்ட் இல்லாத அறையில் டேபிள் ஃபேனை ஜன்னலில் வெளியே பார்க்க வைத்து, சுற்றியுள்ள இடைவெளியை அட்டையால் அடைத்தால் ஓரளவு அதே வேலை செய்யும். ஃபேன் தள்ளுகிற காற்று அடுத்த அறை ஜன்னலில் நேராகப் போய் விழுகிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கொசுப் பிரச்சினைக்கு ஜன்னலைச் சாத்துவது வழியில்லை, வெல்க்ரோ ஒட்டிய கொசுவலை போட்டால் காற்றும் வரும், இந்தப் பருவத்தில் டெங்கு பயமும் குறையும்.

மாஸ்க்கும் பினாயிலும்

இவை இரண்டையும் சேர்த்துச் சொல்லக் காரணம், ஹாஸ்டல் காசு பினாயிலுக்குத்தான் முதலில் போகிறது. ஃப்ளூ கிருமி ஸ்டீல், பிளாஸ்டிக் மேல் ஒரு நாள் இரண்டு நாள் இருக்கும் என்பது உண்மை, ஆனால் கைக்கு வந்தால் சில நிமிடம்தான் தாங்கும். தரையை யாரும் தொட்டு மூக்கைத் தேய்ப்பதில்லை. எனவே தரைக்கு ஊற்றுவதை விட, பாத்ரூம் தாழ்ப்பாள், குழாய், பொது சார்ஜர், தண்ணீர் கேனின் குழாய் இவற்றைச் சோப்புத் தண்ணீரால் தினம் இரண்டு தடவை துடைத்து, குழாயடியில் சோப்பு தீராமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆள் இருக்கிற அறையில் மருந்து அடித்துப் புகை போடுவது இருமல்காரருக்குக் கூடுதல் தொல்லை.

மாஸ்க் விஷயத்தில் நோயாளி போடுவது முதலில். சாதாரண மூன்றடுக்கு மாஸ்க் போதும், விழித்திருக்கும்போதும் பாத்ரூம் போகும்போதும். பார்த்துக்கொள்பவருக்கு என்95, மூக்குக் கம்பியை அழுத்தி, ஓரத்தில் காற்று கசியாமல். துப்பட்டாவை மடித்துக் கட்டுவது ஒன்றுமில்லாததற்குப் பரவாயில்லை, அவ்வளவுதான். தூங்கும்போது யாரும் மாஸ்க் போட்டிருக்க முடியாது, அந்த எட்டு மணி நேரத்துக்குக் காற்றோட்டம்தான் கை கொடுக்கும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் 2006-07 ஃப்ளூ பருவத்தில் நடந்த ஆய்வு நம் நிலைமைக்கு மிக நெருக்கம். மாஸ்க்கும் கைச்சுத்தமும் சேர்ந்த விடுதிகளில் பிந்தைய வாரங்களில் ஃப்ளூ மாதிரியான நோய் 35 முதல் 51 சதவீதம் வரை குறைந்தது, மாஸ்க் மட்டும் போட்ட விடுதிகளில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் தெரியவில்லை.

தடுப்பூசி நல்லதுதான், ஆனால் வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், எனவே மழைக்கு முன்பே போட வேண்டியது. அறையில் இருமல் வந்த பிறகு அதை நம்பி உட்கார முடியாது. டாக்டர் எழுதித் தருகிற ஒசெல்டாமிவிர் மாத்திரை 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். கர்ப்பிணி, ஆஸ்துமா, சர்க்கரை உள்ளவர்கள் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, காய்ச்சல் விட்டு மறுபடி ஏறினாலோ யாராக இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம்.

இத்தனையையும் கெடுக்கிற ஒன்று, சம்பளம் போகும் என்று காய்ச்சலை மறைத்து ஷிஃப்டுக்குப் போவது. மாத்திரை போட்டு உடம்பு சூடு குறைந்ததும் தையல் மெஷினில் போய் உட்காருவார்கள். மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருந்தால்தான் வேலைக்குத் திரும்பலாம் என்று அறையில் எழுதி ஒட்டுவது சுலபம். ஆனால் தினம் 500 ரூபாய் வாங்குபவர் ஐந்து நாளில் 2500 இழக்கிறார். இஎஸ்ஐ இருந்தால், முந்தைய ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பிடித்தம் போயிருந்தால், இஎஸ்ஐ டாக்டர் சான்றிதழோடு 70 சதவீதம் கிடைக்கும், ஆனால் முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் வராது. ஆக மூன்று நாளுக்கு 1050 ரூபாய். மீதி 1450 ரூபாயை யார் கொடுப்பது என்பதைக் கம்பெனி மழைக்கு முன்பே முடிவு செய்து சொல்லிவிட வேண்டும். ஒரு லைனே நான்கு நாள் ஆள் இல்லாமல் நிற்பதற்கு முன்னால் அது சின்னத் தொகை.