தனி ஊசலில் g: சராசரியா, வரைபடச் சாய்வா?

தனி ஊசல் சோதனையில் நீளம் L, அலைவுக்காலம் T ஆகியவற்றைக் குறித்த ஒரே அட்டவணையிலிருந்து, புவியீர்ப்பு முடுக்கம் g-ஐ மூன்று வழிகளில் எடுக்கலாம். ஒவ்வொரு வரிசைக்கும் 4π²L/T² கணக்கிட்டுச் சராசரி காண்பது முதல் வழி. T²-ஐ L-க்கு எதிராகக் குறித்து, ஆதிப்புள்ளி வழியாகவே கோடு போடுவது இரண்டாவது. புள்ளிகள் போகும் போக்கில் கோட்டை விட்டுவிடுவது மூன்றாவது. நீளத்தை அளப்பதில் பிழை இருந்தால் மூன்றும் மூன்று விடை தரும்.

நூலின் நீளத்தைக் குண்டின் கொக்கி வரை மட்டும் அளந்துவிட்டதாகக் கொள்வோம். உண்மையில் குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். எனவே ஒவ்வொரு L-இலும் 1.5 செ.மீ. குறைகிறது.

அளந்த L 0.40, 0.60, 0.80, 1.00 மீ. 20 அலைவுகளுக்கு நேரம் 25.86, 31.48, 36.24, 40.44 வினாடி. T² முறையே 1.67, 2.48, 3.28, 4.09 வி².

வரிசை வரிசையாகக் கணக்கிட்டால் g 9.45, 9.56, 9.62, 9.66 மீ/வி² என வருகிறது, சராசரி 9.57. கவனிக்க வேண்டியது அந்த ஏறுமுகத்தைத்தான். தற்செயல் பிழை என்றால் மதிப்புகள் மேலும் கீழும் சிதறும், இப்படி ஒரே திசையில் ஏறாது. விடுபட்ட 1.5 செ.மீ. சிறிய நீளத்தைத்தான் அதிகம் பாதிக்கும். சராசரி எடுத்ததும் இந்தத் தடயம் மறைந்துவிடுகிறது.

ஆதிப்புள்ளிக்கு இழுத்த கோடு சுமார் 9.61 தரும். நீளம் சுழியானால் காலமும் சுழிதானே என்று தோன்றும். ஆனால் தாளில் இருப்பது உண்மையான நீளம் அல்ல, நாம் அளந்த நீளம்.

கோட்டை அதன் போக்கில் விட்டால், L = 0.20-இல் T² = 0.87, L = 0.90-இல் 3.69 எனப் படிக்கலாம். சாய்வு 2.82 / 0.70 = 4.03 வி²/மீ. g = 4π²/4.03 = 9.80. எல்லா L-இலும் ஒரே அளவு குறைந்ததால் கோடு பக்கவாட்டில் நகர்ந்ததே தவிர, சாயவில்லை. அது L அச்சை −1.5 செ.மீ.-இல் வெட்டும்; விடுபட்ட நீளம் அங்கேயே தெரிகிறது. இதைப் பார்க்க, அச்சின் எதிர்ப்பக்கத்திலும் சில கட்டங்கள் விட்டு அளவுத்திட்டம் அமைக்க வேண்டும். சாய்வுக்கான இரு புள்ளிகளை அட்டவணையிலிருந்து எடுக்காமல் கோட்டின் மேல், நன்கு தள்ளித்தள்ளி எடுக்க வேண்டும்.

அச்சுகளை மாற்றி L-ஐ நிலை அச்சில் வைத்தால் g = 4π² × சாய்வு. எந்தச் சூத்திரம் என்று குழம்பினால் சாய்வின் அலகைப் பாருங்கள்: வி²/மீ என்றால் வகுக்க வேண்டும், மீ/வி² என்றால் பெருக்க வேண்டும்.

ஆனால் எண்ணும் பிழையைச் சாய்வு காப்பாற்றாது. கடிகாரத்தை அழுத்தும்போதே ‘ஒன்று’ எனத் தொடங்கினால் 19 அலைவுகள் 20 ஆகிவிடும். நீளத்தைச் சரியாக அளந்திருந்தால் கோடு ஒழுங்காக ஆதிப்புள்ளி வழியே போகும், g மட்டும் 10.86 என நிற்கும். அழுத்தும் கணத்தில் ‘சுழியம்’ என்று எண்ணத் தொடங்குவதுதான் இதற்கு வழி.