டிஷ்வாஷர் கதவுக்குள் கரப்பான் குடும்பம்: மூன்று வருட அனுபவம்

டிஷ்வாஷர் வாங்கி ஒன்றரை வருடத்தில் ஒருநாள் காலை பட்டன்கள் எதுவுமே வேலை செய்யவில்லை. விளக்கு எரிகிறது, அமுக்கினால் அசைவில்லை. சர்வீஸுக்கு வந்த தம்பி கதவின் வெளித்தகட்டைக் கழற்றிவிட்டு, "மேடம், கொஞ்சம் இங்க வந்து பாருங்க" என்றார். உள்ளே சத்தம் குறைக்க ஒட்டியிருக்கும் பஞ்சு அட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் காபித்தூள் கொட்டியது போல எச்சம், பழுப்பு நிற முட்டைக்கூடுகள், அப்புறம் பட்டன்களை இயக்கும் எலக்ட்ரானிக் போர்டின் மேல் இரண்டு முனைகளுக்குக் குறுக்கே படுத்தபடி கருகிப்போன ஒரு சின்னக் கரப்பான். வாரன்டி இருந்தது, ஆனால் பூச்சியால் வந்த சேதம் அதில் வராது என்று சொல்லிவிட்டார்கள். போர்டை மாற்ற ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. ஸ்பிரே, பாச்சா உருண்டை என்று எத்தனையோ செய்து பார்த்தேன், எது உருப்பட்டது எது வீண் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. கோபத்தில் ஸ்பிரே டப்பாவை எடுத்து டிஷ்வாஷரின் அடிப்பக்கம் முழுக்க அடித்தேன். இரண்டு நாள் வீடு அமைதியாக இருந்தது, மூன்றாம் நாள் ஃப்ரிட்ஜ் பின்னாலும் மிக்சி அடியிலும் குட்டிக் கரப்பான்கள். அடித்ததும் கொஞ்சம் செத்தன, மீதி உள்ளே இன்னும் ஆழமாகவும் பக்கத்து இடங்களுக்கும் ஓடிவிட்டன. அதுமட்டுமில்லை, பல டப்பாக்களில் இருக்கும் வாயு தீப்பற்றக்கூடியது, பிளக்கைப் பிடுங்காமல் மோட்டார் பக்கம் அடிப்பது சும்மா விளையாட்டில்லை. சாப்பாட்டுத் தட்டு வைக்கிற மெஷினில் மருந்து படிவதும் வேண்டாத வேலை.

அத்தை தன் பங்குக்கு வாஷிங் மெஷின் பின்னால் பாச்சா உருண்டை போட்டார். பெயர்தான் பாச்சா உருண்டை, பாச்சா அதைக் கண்டுகொள்ளவே இல்லை. துணியெல்லாம் அந்த நாற்றம் ஏறியதுதான் மிச்சம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் நான் அதை வைக்கவே மாட்டேன்.

அப்புறம்தான் உருப்படியாக ஒன்று செய்தேன். பசை தடவிய ஒட்டு அட்டை, எலி அட்டையின் சின்ன வடிவம், கடையில் கிடைக்கிறது. நான்கு இடத்தில் மூன்று ராத்திரி வைத்தேன். டிஷ்வாஷர் அடியில் 31, சிங்க் அடியில் 9, ஃப்ரிட்ஜ் பக்கம் 4, வாஷிங் மெஷின் பின்னால் 2. எண்ணிக்கையைவிட முக்கியமான விஷயம் அட்டையைக் கூர்ந்து பார்த்தபோதுதான் புரிந்தது. சமையலறையில் ஒட்டியவை எல்லாம் ஒரு சென்டிமீட்டரை ஒட்டிய அளவு, வெளிர் பழுப்பு, வளர்ந்தவற்றின் கழுத்துப் பக்கம் இரண்டு கறுப்புக் கோடு. வாஷிங் மெஷின் பின்னால் இருந்த இரண்டும் கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பு நிறத்தில் இருந்த பெரிய ஜாதி. முதலாவது ஜெர்மன் கரப்பான், வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும், மளிகை அட்டைப்பெட்டியோடு வந்து சேரும். இரண்டாவது சாக்கடைக் குழாயிலிருந்து ஏறி வருவது. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் இன்னொன்றுக்கு ஆகாது. எனக்கு இது தெரியாததால்தான் ஒரு வருடம் வீணாகப் போனது.

சின்ன ஜாதிக்கு ஜெல். ஃபிப்ரோனில் அல்லது இமிடாகுளோபிரிட் கலந்த கரப்பான் ஜெல், ஊசிக்குழாய் மாதிரி வரும். பெரிய உருண்டையாக ஒரே இடத்தில் வைப்பதைவிட மிளகளவு புள்ளிகளாகப் பத்துப் பதினைந்து இடத்தில் வைப்பதுதான் பலன் தரும். டிஷ்வாஷருக்கு அடிப்பலகையின் பின்பக்கம், இருபுறமும் கேபினட்டோடு ஒட்டும் இடுக்கு, குழாய் போகும் ஓட்டையின் விளிம்பு. மெஷினின் உள்தொட்டி, கதவு ரப்பர், போர்டு பக்கம் எதிலும் வைக்கக் கூடாது. கரப்பான்களே இரை தேடி வெளியே வரும், தின்றுவிட்டு உள்ளே போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் செத்த உடம்பையும் தின்று மற்றவையும் சாகும். அதனால் உள்ளே மருந்து போக வேண்டிய அவசியமே இல்லை. ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரேயோ ஃபினாயிலோ பட்டால் கரப்பான் அந்தப் பக்கமே வராது, ஜெல் வீண். குழந்தையும் பூனையும் உள்ள வீட்டில் கைக்கெட்டாத இடுக்கில்தான் வைக்க வேண்டும்.

மூன்றாம் நாள் முதல் தரையில் மல்லாந்து கிடந்தன. ஒரு மாதத்தில் மறுபடி குட்டிகள் தென்பட்டபோது மருந்து பொய் என்று நினைத்தேன். அது இல்லை, ஒரு முட்டைக்கூட்டுக்குள் முப்பது நாற்பது முட்டைகள் இருக்கும், ஜெல் அவற்றைத் தொடாது, பொரித்து வருபவைதான் அந்த இரண்டாம் அலை. காய்ந்துபோன புள்ளிகளைச் சுரண்டிவிட்டுப் புதிதாக வைத்தேன். நான்காம் மாதம் அதே நான்கு அட்டையில் மொத்தம் 3. ஒரு மருந்து எடுபடாமல் போனால் மூலப்பொருளை மாற்றிப் பாருங்கள், பெயரை மட்டும் மாற்றினால் அதே மருந்துதான் வேறு டப்பாவில் வரும்.

ஜெல் எடுபட வேண்டும் என்றால் போட்டியாக வேறு தீனி இருக்கக் கூடாது. சாப்பிட்ட தட்டை அப்படியே உள்ளே அடுக்கி மறுநாள் வரை காத்திருப்பது எங்கள் வழக்கம், மெஷின் நிறையட்டும் என்று. இப்போது சோற்றுப் பருக்கையைத் தட்டிவிட்டு வைக்கிறோம், வாரம் ஒருமுறை அடியில் உள்ள ஃபில்டரைக் கழுவுகிறோம், கதவின் அடிவிளிம்பில் படியும் கறையை ஈரத்துணியால் துடைக்கிறோம். அந்த விளிம்பைப் பலர் கவனிப்பதே இல்லை, மெஷின் கழுவும் தண்ணீர் அங்கே போவதே இல்லை.

வாஷிங் மெஷின் பக்கம் வேறு கதை. எங்களுடையது முன்பக்கக் கதவு வகை. அழுக்குத் தண்ணீர் வெளியேறும் டிரெயின் ஹோஸை, தரைச் சாக்கடையை மூடும் ஓட்டைத் தகடான ஜாலியைத் தூக்கிவிட்டுச் செருகியிருந்தார்கள், சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி. அடியில் தண்ணீர் தேங்கும்படி வைத்த கிண்ணம் மாதிரியான நஹானி டிராப்பில் நிற்கும் தண்ணீர்தான் கரப்பானுக்குத் தடை, நாங்கள் இரண்டு வாரம் ஊருக்குப் போனபோது அது வற்றிவிட்டது. வழி திறந்துதான் கிடந்தது. பிளம்பர் ஹோஸ் நுழையும் ஓட்டையுள்ள ஜாலி போட்டு, இடைவெளிக்கு ரப்பர் வளையம் கொடுத்தார். மெஷினின் அடிப்பக்கத் திறப்புக்கு எலி வலை கேட்டால் அந்தந்த மாடலுக்குக் கிடைக்கும், அதையும் மாட்டினேன். காற்றுத் துளைகளை நாமே டேப் ஒட்டி அடைப்பது கூடாது, சூடு வெளியேற வேண்டும்.

இங்கேயும் ஒரு சொதப்பல். பிளம்பர் வருவதற்கு முன்னால் நானே ஹோஸை ஆழமாகத் தள்ளி, வாயைச் சுற்றிக் காற்றுப் புகாமல் டேப் சுற்றினேன். மெஷின் தண்ணீர் எடுத்துக்கொண்டே இருந்தது, டிரம் நிறையவே இல்லை, உள்ளே வந்த தண்ணீரைச் சாக்கடை அப்படியே உறிஞ்சிக்கொண்டிருந்தது. டேப்பைப் பிரித்து ஹோஸை ஒரு சாண் மேலே இழுத்ததும் சரியானது. அதனால் கரப்பான் நுழையாத அளவுக்கு மூடினால் போதும்.

சோப்புப் பெட்டியில் வரும் எறும்பும் சாக்கடைப் பக்கம் பறக்கும் குட்டிக் கறுப்புக் கொசு மாதிரியானவையும் இதோடு சேர்ந்தவைதான். முதலாவதற்குப் பெட்டியைக் கழற்றிக் கழுவித் திறந்து வைத்தால் போதும். இரண்டாவது டிராப்பின் ஓரத்தில் படியும் வழவழப்பில் முட்டையிடுகிறது, பிரஷ் போட்டுத் தேய்க்காமல் என்ன மருந்து ஊற்றினாலும் திரும்ப வரும்.

அடுக்குமாடி என்பதால் மேல்வீட்டு டக்ட் வழியாக எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரலாம், எனக்கு அதில் மாயை இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நான்கு அட்டை வைத்து எண்ணுகிறேன். ஐந்தைத் தாண்டினால் ஜெல், இல்லையென்றால் எதுவும் செய்வதில்லை. ஊருக்குப் போகும்போது கடைசி வேலை சாக்கடையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு, மேலே கொஞ்சம் சமையல் எண்ணெய் விடுவது, தண்ணீர் அவ்வளவு சீக்கிரம் வற்றாது. போன மாத அட்டையில் ஒன்றே ஒன்று ஒட்டியிருந்தது, அதுவும் பல்லி.