டச்சு நண்பர் வீட்டில் குழந்தை: நீள வாழ்த்தா, இரண்டு வரியா?

நெதர்லாந்து அலுவலகத்தில் கூட வேலை செய்பவருக்கு மகள் பிறந்திருக்கிறாள், பெயர் Noor என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்து அனுப்ப மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, நம் பழக்கப்படி நீள வாழ்த்து: இறைவன் அருள், நூறாண்டு ஆயுள், பெற்றோருக்குப் பாராட்டு என்று ஒரு பத்தி. மனசு நல்லதுதான். ஆனால் தூக்கமில்லாமல் இருப்பவருக்கு அது படிக்கவும் பதில் எழுதவும் ஒரு வேலை. மதப்பற்று இல்லாதவர்கள் அங்கே நிறைய, ஆசீர்வாத வரிகள் அவர்களிடம் ஒட்டாமல் நிற்கும்.

இரண்டாவது, ஆங்கிலத்தில் ஒரு வரி. தவறே இல்லை. அலுவலகம் முழுக்க ஆங்கிலம் என்றால் இதுவே போதும். என்ன, வரப்போகும் பத்து வாழ்த்துகளோடு பதினொன்றாவதாகக் கரைந்துவிடும்.

மூன்றாவதுதான் என் தேர்வு, டச்சிலேயே இரண்டு வரி:

```
Gefeliciteerd met de geboorte van Noor!
Geniet ervan met z'n drieën.
```

நூர் பிறந்ததற்கு வாழ்த்துகள், மூவரும் சேர்ந்து அனுபவியுங்கள், அவ்வளவுதான். பெயரை அறிவிப்பில் இருக்கிறபடியே எழுத்துக்கூட்டிப் போடுங்கள். மூத்த பிள்ளை ஒன்று இருந்தால் கடைசிச் சொல் `vieren` ஆகிவிடும், அதை மறந்தால் மூத்தது கணக்கில் விட்டுப்போகும். பெயர் தெரியாவிட்டால் `Gefeliciteerd` என்பதற்குப் பிறகு `met jullie dochter` போதும், மகன் என்றால் `zoon`. `jullie` என்றால் 'உங்கள் இருவரின்', துணைவரையும் சேர்த்துக்கொள்ளும். மரியாதைக்காக `u` என்று எழுதினால், தினமும் பேர் சொல்லிக் கூப்பிடுபவரிடம் திடீரென்று விறைப்பாகிவிட்டது போல இருக்கும்.

எங்கே சொல்வது என்பதும் ஆளைப் பொறுத்தது. தாய்க்குப் பேறு விடுப்பு மொத்தம் 16 வாரம், அதில் பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது 10 வாரம். அதனால் அவருக்குச் செய்தியோ, வீட்டுக்குத் தபாலில் ஓர் அட்டையோதான் வழி. துணைவருக்கு முழுச் சம்பளத்தோடு ஒரு வாரம் உண்டு. அதற்கு மேலும் 5 வாரம் குறைந்த பணத்தில் எடுக்கலாம், ஆனால் சிலர் அதைப் பிரித்துப் பிரித்து எடுப்பார்கள். அப்படிச் சீக்கிரமே திரும்பி வருபவருக்குச் செய்தி அனுப்பியிருந்தாலும் நேரில் கை கொடுத்து மறுபடி சொல்லுங்கள். அவர் பெரும்பாலும் பெஸ்கௌட் மெட் மௌஷஸ் கொண்டு வருவார்: வட்ட ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, மேலே சர்க்கரை பூசிய சோம்பு தூவியது. மகள் என்றால் இளஞ்சிவப்பும் வெள்ளையும், மகன் என்றால் நீலமும் வெள்ளையும். ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே சொல்வது அங்கே முழு வாழ்த்து. மேசையெல்லாம் தூளாகும், பரவாயில்லை.

குழந்தையைப் பார்க்க நேராக வீட்டுக்குப் போவதை மட்டும் நான் தேர்வாகவே சேர்க்கவில்லை. முதல் வாரத்தில் தாய்-சேய் பராமரிப்புக்கு ஒரு பணியாளர் வீட்டுக்கே வருவார். பெற்றோர் அனுப்பும் பிறப்பு அறிவிப்பு அட்டையில் ஓய்வு நேரமும் தொலைபேசி எண்ணும் போட்டிருப்பதுண்டு, கேட்டுவிட்டு வாருங்கள் என்று அதற்குப் பொருள். சரி, செய்தியில் 'எப்போது வேலைக்கு வருகிறீர்கள்' என்பதையும் சேர்க்காதீர்கள்.