எழுதியவரைத் தேடச் சொன்னேன், தலைப்பைத் தேடியது: சொற்பை வகைப்படுத்தியுடன் இரண்டு ஆண்டுகள்

மனிதர் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளையும் சாட்ஜிபிடி போன்ற மொழி மாதிரி எழுதியவற்றையும் பிரித்தறிவதற்காக, சொற்களின் எண்ணிக்கையை மட்டுமே பார்க்கும் சொற்பை வகைப்படுத்தியை இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கட்டுரையில் எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எடை கொடுத்து, எல்லாவற்றையும் கூட்டி முடிவு சொல்வதே அதன் முழு வேலை. நொடிகளில் பயிற்சி முடிந்துவிடும். எடைகளைத் திறந்து படிக்கவும் முடியும். இந்த இரண்டாவது குணம்தான் பின்னர் என்னைக் காப்பாற்றியது.

தரவு அறிவியல் போட்டிகள் நடத்தும் காகிள் தளத்தில் 2023 இறுதியில் தொடங்கிய போட்டியொன்றின் பயிற்சித் தரவோடு ஆரம்பித்தேன். அதிலிருந்த 1,378 கட்டுரைகளில் மொழி மாதிரி எழுதியவை வெறும் 3. கட்டுரைகள் இரண்டே தலைப்புகளில் அமைந்திருந்தன: கார் இல்லாத நகரங்கள், அமெரிக்க அதிபர் தேர்தலின் எலெக்டோரல் காலேஜ் முறை. மூன்றை வைத்துக்கொண்டு எதையும் பயிற்றுவிக்க முடியாது என்பதால், வேறு பல தலைப்புகளில் மொழி மாதிரிகள் எழுதிய கட்டுரைகளை வெளியிலிருந்து திரட்டிச் சேர்த்தேன். தவறு அந்த இடத்திலேயே நடந்துவிட்டது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

தரவைக் குலுக்கி ஒரு பகுதியைச் சோதனைக்கு ஒதுக்கியபோது, பிழை ஏறக்குறைய இல்லவே இல்லை. மகிழ்ச்சியோடு எடைகளைத் திறந்தேன். ‘மனிதர்’ பக்கத்தின் உச்சியில் நின்றவை electoral, votes, cars, pollution போன்ற சொற்கள். எலெக்டோரல் காலேஜ் பற்றி மொழி மாதிரி எழுதிய கட்டுரையைக் கொடுத்தால் மனிதர் என்றது. தொலைதூரக் கல்வி பற்றி மனிதர் எழுதியதைக் கொடுத்தால் மாதிரி என்றது.

காரணத்தைத் தோராயமான கணக்கொன்றால் விளக்கலாம். 400 சொற்கள் கொண்ட கட்டுரையில் electoral எட்டு முறை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேறு தலைப்பில் அது ஒரு முறைகூட வராது. எட்டுக்கும் பூஜ்யத்துக்கும் நடுவே குழப்பத்துக்கு இடமே இல்லை. மாறாக, of போன்ற இலக்கணச் சொல்லை ஒருவர் ஆயிரத்துக்கு 30 முறையும் இன்னொருவர் 33 முறையும் பயன்படுத்துகிறார் என்றால், அதே 400 சொற்களில் அது 12, 13 என்றுதான் தெரியும். ஒரே ஆளின் இரு கட்டுரைகளுக்கு இடையிலேயே அந்த எண் மூன்று நான்கு ஏறி இறங்கும். பயிற்சி எப்போதும் குறைந்த எடையில் அதிகப் பிழையைக் குறைக்கும் சொல்லையே பற்றிக்கொள்ளும். தலைப்பும் விடையும் ஒன்றாகவே வரும் தரவில் அந்தச் சொல் தலைப்புச் சொல்தான். வகைப்படுத்தியின்மீது இதில் குற்றமில்லை. கேட்ட கேள்விக்கு மிக மலிவான சரியான விடையை அது கொடுத்தது.

பழக்கத்தால் நாம் செய்யும் சில அமைப்புகள் இதை மேலும் மோசமாக்குகின்றன. டிஎஃப்-ஐடிஎஃப் எடையிடல், எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சொல்லைத் தாழ்த்தி, சிலவற்றில் மட்டும் வரும் சொல்லை உயர்த்துகிறது. இலக்கணச் சொற்களை முன்கூட்டியே நீக்குவது அதைவிடக் கேடு. அமெரிக்க அரசியலமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில், எழுதியவர் ஹாமில்டனா மேடிசனா என்று சர்ச்சைக்குள்ளான 12 கட்டுரைகளைப் புள்ளியியலாளர்கள் மாஸ்டெல்லரும் வாலஸும் ஆராய்ந்து 1964-இல் நூலாக வெளியிட்டபோது, அவர்கள் நம்பியது upon போன்ற சாதாரணச் சொற்களைத்தான். ஹாமில்டன் அதை ஆயிரம் சொற்களுக்குச் சுமார் 3 முறை எழுதினார். மேடிசனோ மிக அரிதாகவே எழுதினார். எழுதியவரின் சாயல் இருக்கும் சொற்களையே நாம் முதலில் குப்பையில் போடுகிறோம்.

குலுக்கிப் பிரிக்கும் சோதனை இந்த நோயை ஒருபோதும் காட்டாது, ஏனெனில் அதே தலைப்புகள் இருபுறமும் இருக்கும். தலைப்பையே முழுதாக ஒதுக்கி வைத்துச் சோதிக்க வேண்டும்:

```python
cv = GroupKFold(n_splits=5)
cross_val_score(model, texts, y, groups=prompt_id,
                cv=cv, scoring="roc_auc")
```

என் முதல் தரவில் இது மதிப்பெண்ணே தரவில்லை. ஒதுக்கிய பகுதிகள் சிலவற்றில் ஒரே வகைக் கட்டுரைகள் மட்டும் இருந்ததால், இருவகைகளையும் ஒப்பிட்டே கிடைக்கும் அந்த மதிப்பெண்ணைக் கணக்கிட வழியில்லை. எழுதியவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் தரவால் விடையளிக்கவே இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பிறகு ஒவ்வொரு தலைப்புக்கும் இருவகைக் கட்டுரைகளையும் ஒரே அளவில் சேர்த்தேன். நோய் குறைந்தது, ஆனால் முற்றிலும் போகவில்லை. ஒரே தலைப்புக்குள்ளும் மொழி மாதிரி சில கருத்துகளையே திரும்பத் திரும்பக் கையாளும். போக்குவரத்து பற்றி எழுதினால் congestion, sustainable என்று போகும். வகைப்படுத்தி அவற்றைக் கற்றுக்கொள்கிறது, அடுத்த தலைப்பில் அவை உதவுவதில்லை. இலக்கணச் சொற்களையும் நிறுத்தக்குறிகளையும் மட்டும் எண்ணும்படி சொற்பட்டியலைச் சுருக்கியபோது மதிப்பெண் நன்றாகவே இறங்கியது. ஆனால் புதிய தலைப்புகளிலும் ஏறத்தாழ அதே அளவில் நின்றது. நான் இன்று நம்புவது அந்தச் சிறிய எண்ணைத்தான், அதுவும் பயிற்சியில் இருந்த மொழி மாதிரிகளுக்கு மட்டும். முழுச் சொற்பையை இப்போதும் ஓட்டுகிறேன்: புதிதாக வரும் தரவில் தலைப்பு கசிகிறதா என்று பார்ப்பதற்காக.