நைட்டிக்குப் பதில் குர்தியும் எலாஸ்டிக் பேண்டும்: ஒரு வருஷப் புழக்கத்துக்குப் பின்

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பெண்கள் பலரிடம், மீட்டிங் வந்தால் நைட்டிக்கு மேல் ஒரு துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்காரும் வழக்கம் உண்டு. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் சித்திரைப் புழுக்கத்தில் அந்தத் துப்பட்டாவே தண்டனை. ரெடிமேட் குர்தி, லெக்கிங்ஸ் என்று மாறினால், லெக்கிங்ஸ் மதியத்துக்குள் வேர்வையில் தொடையோடு ஒட்டிக்கொள்ளும். துணி எடுத்து டெய்லரிடம் தைத்த காட்டன் குர்தியும், பின்பக்கம் மட்டும் எலாஸ்டிக் வைத்த பேண்டும் தினசரிப் புழக்கத்தில் ஒரு வருஷம் தாண்டி எப்படி இருக்கின்றன என்பதுதான் இங்கே. கேமராவில் தெரிவது குர்திதான் என்றாலும், நாள் முழுக்க உடம்பு படும் பாட்டைத் தீர்மானிப்பது பேண்ட். அதனால் அதையே முதலில் பார்ப்போம்.

நின்றபடி அளவு எடுத்துத் தைத்த பேண்ட் உட்காரும்போது இரண்டு இடத்தில் வம்பு செய்யும். உட்கார்ந்தால் வயிற்றைச் சுற்றிய அளவு சுமார் இரண்டு இன்ச் கூடும், முன்பக்கம் இறுகும். பின்பக்கத் துணி வளைவுக்குப் போதாமல் கீழே இறங்கும். டெய்லர்கள் வழக்கமாக இடுப்பு முழுக்கச் சுற்றி எலாஸ்டிக் வைத்து விடுகிறார்கள். அதில் முன்பக்கச் சுருக்கமெல்லாம் குர்திக்கு அடியில் உப்பிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் வயிற்றில் வரிவரியாகத் தடம் விழும்.

இடுப்பு 34, பின்புறம் அகன்ற இடம் 40 இன்ச் உள்ள ஒருவருக்கு இப்படிக் கணக்குப் போடலாம். ஜிப் கிடையாது, 40 இன்ச்சைத் தாண்டித்தான் பேண்ட் ஏற வேண்டும். ஆகவே மேல் சுற்றளவுக்குத் துணி 42 இன்ச். அதில் முன்பக்கம் 19 இன்ச், சுருக்கமே இல்லாத தட்டைப் பட்டி. மீதி 23 இன்ச் பின்பக்கத்துக்கு. அதற்குள் போகும் எலாஸ்டிக், தையலுக்குப் போக, 14 இன்ச். சும்மா இருக்கும்போது மொத்தச் சுற்று 33 வரும், இடுப்பில் லேசாகப் பிடித்து நிற்கும். உட்காரும்போது பின்பக்கம் 17 வரை விரிந்து கொடுக்கும். போடும்போது அந்த 14 இன்ச் எலாஸ்டிக் 21 வரை இழுபட வேண்டும், அதாவது ஒன்றரை மடங்கு. கடையிலேயே ஒரு துண்டைப் பிடித்து இழுத்துப் பார்த்து வாங்குங்கள். அவ்வளவு இழுபடாத எலாஸ்டிக்கை வைத்தால், ஏற்றி இறக்கும் இழுப்பிலேயே பக்கத் தையல் விட்டுப்போகும்.

எலாஸ்டிக்கின் அகலம் ஒன்றரை இன்ச் இருக்கட்டும். அரை இன்ச் எலாஸ்டிக் என்றால் நாடா போலத் தசையில் அழுந்தும். அகலமானதில் வேறு தொல்லை உண்டு: குனிந்து நிமிரும்போது பட்டிக்குள்ளேயே உருண்டு மடங்கிவிடும். இதற்குச் சில டெய்லர்கள் எலாஸ்டிக் மேலேயே நீளவாக்கில் மூன்று வரிசை தைப்பார்கள். பார்க்க அழகுதான், ஆனால் ஊசி குத்திய இடமெல்லாம் ரப்பர் இழை அறுபட்டுச் சீக்கிரம் தளர்ந்துவிடுகிறது. பக்கத் தையல் இரண்டிலும், பின் நடுவிலும் மேலிருந்து கீழாக ஒரு தையல் போட்டாலே உருளாது. பட்டியின் உள்பக்கம் இரண்டு இன்ச் இடத்தைக் கைத்தையலாக விடச் சொல்லுங்கள். எலாஸ்டிக்கை மாற்றும் நாள் வரும்போது பட்டி முழுவதையும் பிரிக்க வேண்டியிருக்காது.

உட்காரும் ஆழத்துக்கு அளவு எடுக்க, கெட்டியான ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் இடுப்பிலிருந்து ஸ்டூல் பலகை வரை டேப் வைத்துப் பார்த்து ஒரு இன்ச் கூட்டிக்கொள்ளலாம். வெட்டும்போது பின்பக்கம், முன்பக்கத்தைவிட இரண்டு இன்ச் உயரமாக இருக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் சுடிதார் பேண்ட் மாதிரி இரண்டு பக்கமும் ஒரே உயரமாக வெட்டிவிடுவார்கள். ட்ரையல் பார்க்கும்போது நின்று கண்ணாடி பார்த்தால் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து, கீழே விழுந்த பேனாவை எடுப்பதுபோல் குனியுங்கள். பின்பட்டி இருந்த இடத்திலேயே இருந்தால் சரி.

இனி குர்தி. ஸ்லிட் எங்கே தொடங்குகிறது என்பதில்தான் பாதி விஷயம். பின்புறத்தின் அகன்ற இடத்துக்குக் கீழே ஸ்லிட் தொடங்கினால், உட்கார்ந்ததும் துணி தொடையில் இறுகி முழு குர்தியையும் கீழே இழுக்கும். கழுத்து பின்னால் போய் தொண்டையை அழுத்தும். அதை அடிக்கடி இழுத்து விடுவது கேமராவில் நன்றாகத் தெரியும். ஸ்லிட்டை இரண்டு இன்ச் மேலே ஏற்றி, அந்த இடத்தில் உடம்பளவைவிட நான்கு இன்ச் தளர்வு வைத்தால் பிரச்சினை போய்விடும். ரெடிமேட் குர்தியில்கூட ஸ்லிட்டைப் பிரித்து ஏற்றலாம், அரை மணி வேலை.

கை நீளத்தில் யாரும் கவனிக்காத ஒன்று: முழங்கை வரை வரும் கையின் ஓரம், டைப் செய்யும்போது சரியாக மேஜை விளிம்பில் போய் உட்காரும். அந்த மடிப்பு தோலை உரசும். துணியும் அந்த இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். முழங்கைக்கு மூன்று இன்ச் மேலே நிறுத்துங்கள், அல்லது முக்கால் கையாக வையுங்கள். போட் நெக் திரையில் எடுப்பாக இருக்கும், ஆனால் கை முன்னால் நீளும்போது தோளில் நழுவும். சிறிய வட்டக் கழுத்தும், நான்கு இன்ச் பொத்தான் பட்டியும் போதும். காலர் மார்கழிக்கு ஓகே.

துணியைப் பொறுத்தவரை குர்திக்குக் கேம்ப்ரிக் காட்டன், பேண்டுக்கு அதைவிடக் கொஞ்சம் கனமான காட்டன் என்ற சேர்க்கைதான் தாக்குப் பிடித்தது. மல் காட்டன் சுகம், ஆனால் லைனிங் இல்லாமல் உள்ளே தெரியும். லைனிங் வைத்தால் அந்தச் சுகம் போச்சு. ரேயான் கடையில் தொட்டால் மனசைப் பறிக்கும். ஈரத்தில் பலம் இழக்கிற இழை அது. சில மாதத்தில் உட்காரும் இடமும் முழங்காலும் தொளதொளவென்று ஆகிவிடும். 44 இன்ச் அகலத்தில் குர்திக்கு இரண்டரை மீட்டர் எடுத்து, தைக்கக் கொடுக்கும் முன் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்து நிழலில் காயப் போடுங்கள். காட்டன் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து வரை சுருங்கினாலே, இரண்டரை மீட்டரில் பன்னிரண்டு சென்டிமீட்டர் வரை போய்விடும். பளீர் வெள்ளையில் கேமரா முகத்தை இருட்டாக்கும்; நெருக்கமான பொடிக் கோடுகள் திரையில் நெளியும். சாம்பல், வெளிர்நீலத்தில் வேர்வைத் திட்டு அப்படியே தெரியும். அடர் நிறத்தில் சின்னப் பூப்போட்ட பிரிண்ட் எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

பழைய நைட்டியையே வெட்டிக் குர்தியாக்கலாமே என்று தோன்றும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பின்பக்கம் வலைபோலத் தெரிந்தால் தையல் கூலிக்குக்கூட ஆகாது. கைலிக்காரர்களுக்கு இதே பேண்ட் கணக்கு அப்படியே பொருந்தும், முன்பட்டியில் ஒரு நாடா மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குர்தி ஒரு நாளில் காயும், பேண்டின் இடுப்புப் பட்டி காயாது. எலாஸ்டிக்கும் நாலு மடிப்புத் துணியும் சேர்ந்த இடம் அது. வாடை கிளம்புவதும் அங்கிருந்துதான். உள்பக்கம் வெளியே திருப்பி, பட்டி மேலே இருக்கும்படி ஃபேனுக்கு அடியில் தொங்கவிட்டால் தண்ணீர் பட்டியில் தேங்காமல் கீழே வடிந்துவிடும். அந்த மாதங்களில் மூன்று பேண்ட் இருந்தால்தான் சமாளிக்க முடியும். வெயில் காலத்தில் பட்டியை நேர் வெயிலில் காட்டாதீர்கள், அயர்ன் பாக்ஸையும் அதன் மேல் ஓட்டாதீர்கள். சூட்டில் எலாஸ்டிக் சீக்கிரம் செத்துவிடும். சாயங்காலம் பேண்ட் நழுவ ஆரம்பித்தால், விட்டு வைத்த கைத்தையலைப் பிரித்து, பழையதை உருவிவிட்டு, புதிய எலாஸ்டிக்கை ஊக்கில் மாட்டி நுழைத்துவிடலாம். அதற்கு முன், மேலிருந்து கீழாகப் போட்ட அந்த மூன்று தையல்களைப் பிரிக்க மறக்க வேண்டாம்.